மணிக்கட்டில் பூசிய நிறம்

விமானப் பணிப்பெண் ஆவதற்கான பயிற்சி வகுப்பு சென்னை அம்பத்தூர் ஓ.டி. பகுதியில், ஒரு பைக் ஷோரூமுக்கு மேல் மாடியில் நடந்தது. முதல் நாளே என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள்தான் அவள். வீடு மண்ணூர்பேட்டை. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் பட்டறைத் தொழிலாளி. நான் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவேன். கல்லூரி முடித்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே தோழி.

எனக்கு அழுகை சீக்கிரம் வரும். யாராவது குரலை உயர்த்தினாலே கண் கலங்கிவிடும். வகுப்பில் பயிற்சி கொடுக்கும் மேடம் கோபக்காரப் பயணியாக நடித்து, "என் பெட்டி எங்கே? உன் மேலதிகாரியைக் கூப்பிடு!" என்று கத்தியபோது நான் "சாரி மேம், சாரி மேம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். என்னைச் சரிசெய்தவள் அவள்தான்.

"இன்னாத்துக்குடி இத்தினி சாரி சொல்றே? அந்தம்மா பெட்டி தொலைச்சுட்டு நிக்கிறாங்க. முதல்ல அவங்க சொல்றத முழுசாக் கேளு. அப்பால பேரக் கேளு, பேரச் சொல்லிக் கூப்புடு. உன்னால இன்னா முடியும்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு. பொய் சொல்லாத."

மாலையில் பேச்சுத் துணைக்கு ஆவடிவரை என்கூட ரயிலில் வந்து திரும்புவாள். கூட்டம் நெருக்கும்போது இதையே எனக்குப் பரீட்சையாக வைப்பாள். கால் மிதிபட்டாலும் முகம் சுளிக்கக் கூடாது. உதடு மட்டும் சிரித்தால் தோல்வி, கண்ணும் சிரிக்க வேண்டும். சிரிப்பு வராத நாளில் என் இடுப்பில் கிள்ளுவாள். எதிரே நிற்கும் பெண்கள் எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

அவளுடைய இடது மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது. முதலில் சுண்ணாம்பு பட்டது என்றுதான் நினைத்தேன். அவளே சொன்னாள், வெண்புள்ளி என்று. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, யாருக்கும் ஒட்டாது என்றாராம். ஆனால் நாங்கள் பழகிய அந்தச் சில மாதங்களில் அது முழங்கையை நோக்கி நகர்ந்தது. வாட்ச் பட்டையை அகலமாக மாற்றினாள். பிறகு பட்டையும் போதவில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மீனம்பாக்கம் பக்கம் ஒரு ஓட்டல் அரங்கு. அன்று விடியற்காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒருவருக்கொருவர் தலைவாரிக்கொண்டோம். கொண்டை, அதன்மேல் வலை, ஒரு முடியும் வெளியே நீட்டாதபடி ஸ்பிரே. நகத்தில் ஒரே நிறம், காதில் சின்னக் கம்மல், முட்டிவரை கறுப்பு ஸ்கர்ட், தோல் நிறத்தில் ஸ்டாக்கிங்ஸ், முன்பக்கம் மூடிய ஷூ. கடைசியில் அவள் கையை நீட்டினாள். புள்ளியை மறைக்க, அவள் நிறத்துக்குப் பொருந்தும் கன்சீலர் க்ரீமை நான்தான் பஞ்சால் தட்டித் தட்டிப் பூசினேன். மேலே பவுடர் போட்டேன்.

"தெரியுதாடி?"

"இல்ல."

உண்மையிலேயே தெரியவில்லை. எங்கள் ஹாலில் டியூப்லைட் வெளிச்சம் அவ்வளவுதான்.

ஓட்டலில் முதலில் உயரம் அளந்தார்கள். ஷூ இல்லாமல் குதிகாலை உயர்த்தி, சுவரில் போட்டிருந்த கோட்டை விரல்நுனியால் தொட வேண்டும். விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி அலமாரி எட்ட வேண்டும் அல்லவா? இருவரும் தொட்டோம். எடை பார்த்தார்கள். எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அடுத்தது குழுச் சுற்று. எங்கள் இருவரையும் ஒரே மேசையில் போட்டார்கள். ஒரு சூழலைக் கொடுத்தார்கள்: விமானம் ரத்து. ஓட்டலில் குறைவான அறைகளே இருக்கின்றன. கர்ப்பிணி, தனியாக வந்த சிறுமி, சக்கர நாற்காலிப் பெரியவர், மறுநாள் காலை அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டர், புதுமணத் தம்பதி. யாருக்கு அறை? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவள் மட்டும் முதலில் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து, ஓரத்தில் வாயே திறக்காமல் இருந்த பெண்ணைப் பார்த்து, "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே" என்றாள். அந்தப் பெண், சிறுமியைத் தனி அறையில் விட முடியாது, பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றாள். அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றாத விஷயம். சுவரோரம் நின்ற தேர்வாளர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். அவள் தேறிவிட்டாள் என்றே நினைத்தேன்.

பிறகுதான் தோற்றப் பரிசோதனை. இரண்டிரண்டு பேராகச் சின்ன அறைக்குள் அழைத்தார்கள். ஜன்னலோரம் ஒரு பெண் அதிகாரி. பல்லைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "கைகளை நீட்டுங்க. ஸ்லீவை மேலே ஏத்துங்க" என்றார்.

வெயில் நேராக அவள் கைமேல் விழுந்தது. நான் பூசிய இடம் மட்டும் சுவரில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிந்தது.

"இது என்ன?"

"வெண்புள்ளி மேம். ஒட்டாது. டாக்டர் சர்டிபிகேட் வெச்சிருக்கேன்."

அவர் சர்டிபிகேட்டைக் கேட்கவில்லை. குரல் கடுமையாகவும் இல்லை. "யூனிஃபார்ம்ல கை தெரியும்மா. ஐ ஆம் சாரி. இன்னைக்கு இவ்வளவுதான்."

அவள் ஸ்லீவை மெதுவாக இறக்கிப் பொத்தானைப் போட்டாள். "தேங்க்யூ மேம். உங்க நேரத்துக்கு ரொம்ப நன்றி" என்றாள். கண்ணும் சிரித்தது. ரயிலில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு. என்னைக் கடந்து போகும்போது காதருகில், "அழுதே, கொன்னுடுவேன்" என்றாள்.

அரை மணிகூட ஆகவில்லை, நான் கடைசிச் சுற்றில் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இருந்தவர் கேட்டார்: "விமானம் ஏறுவதற்குச் சற்று முன் உங்களுக்கு மோசமான செய்தி வருகிறது. உள்ளே ஒரு பயணி காரணமே இல்லாமல் உங்களைத் திட்டுகிறார். என்ன செய்வீர்கள்?"

"அவர் சொல்றதை முழுசாக் கேட்பேன் சார். பேரைக் கேட்பேன். என்னால என்ன செய்ய முடியும்னு ஒண்ணு சொல்வேன். என்னால முடியவே முடியலைன்னா கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு, ரெண்டு நிமிஷம் என் இடத்துல அவங்களை நிக்கச் சொல்வேன்." சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். "வெரி ப்ளெசன்ட்" என்றார் ஒருவர்.

வேலை எனக்குக் கிடைத்தது.

வெளியே வந்தபோது அவள் இல்லை. போன் எடுக்கவில்லை. வேலை கிடைத்ததை மெசேஜில் சொன்னேன். மறுநாள், "சூப்பர்டி" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. பிறகு அவள் விமான நிலையத்தில் தரைப்பணி வேலைக்கும் போய்ப் பார்த்தாள் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் கவுன்டரில் பயணிகள் முன்னால் நிற்க வேண்டும் என்றார்களாம். கடைசியில் எஸ்டேட் பக்கமே ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள்.

மும்பையில் பயிற்சி முடித்து முதல் விடுமுறைக்கு வந்ததும் நேராக மண்ணூர்பேட்டை போனேன். அவளே கதவைத் திறந்தாள். அரைக்கை நைட்டி. வெள்ளை முழங்கையைத் தாண்டியிருந்தது, மறுகையிலும் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். காபி போட்டாள். பயிற்சியைப் பற்றி, விபத்து ஒத்திகைக்காகத் தண்ணீரில் குதித்தது பற்றி, எல்லாம் கேட்டாள். நான் சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது தெருமுனைவரை வந்தாள். ஆட்டோவை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே ஊட்டுக்கு வராதடி."

"ஏன்? நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அம்மா முன்னாடி அழுவேன், ஆபீஸ் பாத்ரூம்ல அழுவேன். உன்னப் பாத்தா மட்டும் சிரிக்கணும்னு தோணுது. என்னால முடில."

ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். அவள்தான் சொன்னாள், "அம்பத்தூர் ஸ்டேஷன், அண்ணே."

அதன்பிறகு நான் போகவில்லை. அவள் பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன், ஒரு டிக் மட்டும் விழுந்தது, போய்ச் சேரவில்லை. அவள் குடும்பம் வீடு மாறிவிட்டது, எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கீழே இப்போது புதுப் பெண்கள் வேலை பழகுகிறார்கள். கோபத்தில் கத்தும் பயணிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார்கள். அவள் சொன்னதையே சொல்கிறேன். யார் சொன்னது என்று சொல்ல ஆரம்பித்தால் என்னால் முடிக்க முடிவதில்லை.