சங்கக்கடை நேர்முகத்தில் நான் வாய் திறந்த அளவு

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முகாமையாளர் தேடினார்கள். பட்டம் பெற்று வீட்டில் சும்மா இருந்த நான் விண்ணப்பித்தேன். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை நிறுத்துவதாக அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் வவுனியாவில் கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவர் காத்திருந்தார். அவருக்கு அப்பாவின் வயது வராது என்பதே அம்மாவின் ஆறுதல்.

நேர்முகம் சங்கத்தின் களஞ்சிய அறையில் நடந்தது. நடுவே ஒரு பலகைத் தட்டி மட்டும். உள்ளே பேசுவது வெளியே வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்கு முன்னே போனவன் கூட்டுறவின் மகிமை பற்றி மேடைப் பேச்சே வைத்தான். சங்கத் தலைவர் அவனுக்குத் தேநீர் வரவழைத்தார். நானோ நாலு பேர் கூடினாலே வாய் மூடிவிடுகிறவள்.

என்னிடம் தலைவர், தன்னைத் தோட்டம் செய்யும் ஒரு விவசாயியாக நினைத்துப் பதில் சொல்லச் சொன்னார்.

"உங்கடை கடையில வாங்கின யூரியா கல்லாய்க் கிடக்கு. என்ன செய்யப் போறீர்?"

முன்னவன் இதற்கு நீண்ட மன்னிப்பும் நட்டஈடும் வழங்கியிருந்தான். நான் மூட்டையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவரே அந்த அமைதியைத் தாங்க முடியாமல் சொல்லத் தொடங்கினார். மாட்டுக்கொட்டிலில் வைத்தாராம், கூரை ஒழுகியதாம். நடிப்பை மறந்து தன் சொந்த மூட்டையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகவே பழைய முகாமையாளரோடு அவர் சண்டை பிடித்தது ஊருக்கே தெரியும்.

"கட்டியை உடைச்சுப் போடலாம் ஐயா. பசளை பழுதாகேல்லை," என்றேன்.

பக்கத்திலிருந்த சபை உறுப்பினர் சிரித்துவிட்டார். தலைவரின் முகம் கறுத்தது. "கடை நடத்த வாய் வேணும் பிள்ளை. ஊமையை வச்சு என்ன செய்யிறது?" என்றார். இப்போது அந்த உறுப்பினர் அதற்கும் சிரித்தார். மூன்றாமவர் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது.

வேலை பேச்சாளனுக்குப் போயிற்று. சில நாள் கழித்து வாத்தியார் ஒழுங்கையில் சைக்கிளை விட்டிறங்கினார்.

"நீர்தான் நல்லாச் செய்தனீர். ஒரு கேள்வியில தலைவற்றை வாயாலேயே உண்மையை எடுத்துப் போட்டீர். உம்மைத்தான் எடுத்திருக்க வேணும்."

"நீங்கள் அதை அங்கை சொன்னனீங்களோ, மாஸ்ரர்?"

அவர் சைக்கிள் மணியைத் தடவினார். "அவை ரெண்டு பேரும் விடாமல் கதைச்சவை, பிள்ளை. எனக்கு இடையில பூந்து சொல்ல ஏலேல்லை."

தலைவர் மீது வராத ஆத்திரம் அந்த மனிதர் மீது வந்தது. என்னைப் போன்ற ஒருவர்தான் என்னைக் கைவிட்டார்.

தை மாதம் அந்த வவுனியாக் கடைக்காரரோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. வாத்தியாரும் வந்திருந்தார். ஒருவரோடும் பேசாமல் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.