அந்த ஒரு நாளை மட்டும் சொல்லுங்க

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். கேலிப் பெயர் இல்லை, மரியாதைப் பெயர்தான். மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் கன்றிப்போய் வருகிறவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். விரலால் ஒரு தடவு தடவுவாள், "இந்தப் பக்கம் பாருங்க" என்பாள், அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். ஐந்து வருஷமாக இதே நாற்காலி, இதே கைப்பிடி. அவளுக்குக் கல்யாணம் இல்லை, வீட்டில் அப்பா மட்டும்.

கூடத்தின் மேனேஜருக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்திருந்த பெயர் சர்க்கரை. அவ்வளவு இனிப்பாகப் பேசுவார். எல்லாரும் அவருக்கு "அம்மா", "ராஜா"தான். "சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்தாலும் சரி, பின்னாடி எடுத்தாலும் சரி, அளவு குறையவே குறையாது" என்று ரத்தக் குழாய்களைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிப்பார்கள். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிடும்.

இனிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று ஊசிக்காரிக்குத் தெரிந்த நாள் ஒன்று உண்டு. காலை பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்குக் கீழ்வீட்டு அம்மா போன் செய்திருக்கிறாள். வேலை நேரத்தில் செல்போன் எல்லாம் லாக்கரில் பூட்டிக் கிடக்கும். அதனால் அந்த அம்மா கூப்பிட்டது ஆபீஸ் எண். எடுத்தவர் சர்க்கரை. "அவங்க அப்பாவுக்குப் பேச்சு குழறுது, அவளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க." வெறும் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருந்தாள் அந்தப் புண்ணியவதி. சர்க்கரை "சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார். சொன்னது இரண்டு மணிக்கு. "அம்பது சாம்பிள் நிக்குதும்மா. நடுவுல சொன்னா உன் கை நடுங்கிடும், அதான் சொல்லல" என்று தோளைத் தட்டினார். தோளைத் தட்டினார், கேளுங்கள். பேச்சு குழறினால் பக்கவாதமாக இருக்கும் என்று ஊசிக்காரிக்குத் தெரியும், ஒரு நிமிஷம்கூட நின்றிருக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடியே வந்திருந்தா" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பாவுக்கு வலது கையும் காலும் போனது போனதுதான்.

அதன்பிறகு அவள் வேறு வேலை தேடினாள், கிடைத்தது. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி. காலை ஷிஃப்ட் மட்டும், மத்தியானம் வந்து அப்பாவுக்குச் சோறு ஊட்டலாம். ஆனால் பழைய இடத்திலிருந்து விடுவித்துவிட்டோம் என்கிற ரிலீவிங் லெட்டர் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நோட்டீஸ் காலம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சர்க்கரை, "உன் இடத்துக்கு ஆள் வரட்டும்மா, அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பதோடு சரி. ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு தடவை தேதியைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாவது தடவை, "திங்கக்கிழமை காலைல லெட்டரோட வாங்க, இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

ஆள் வராமல் இல்லை. வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். முதலில் வந்த நெட்டைப் பையன் பிழைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னான். சாம்பிள் மாறினால், லேபிள் தப்பானால் எழுதி வைக்கும் நோட்டு அது. எட்டு மாதமாக ஒரு வரிகூட இல்லை. சர்க்கரை பெருமையாகப் புரட்டிக் காட்டினார். பையன் முகம் சுருங்கிவிட்டது. ஒரு நாளைக்கு நூறு குழாய் கை மாறுகிற இடத்தில் தப்பே நடக்கவில்லை என்றால், எழுதப் பயப்படுகிறார்கள் என்று பொருள். வேலை தெரிந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். "வீட்ல பேசிட்டுச் சொல்றேன் சார்" என்று போனவன் போனவன்தான். அடுத்து வந்த பெண், "இந்த இடத்துல இருந்தவங்க ஏன் போறாங்க?" என்றாள். "குடும்பச் சூழ்நிலை" என்றார் சர்க்கரை. "அவங்ககிட்டயே கேக்கலாமா?" என்றாள். சிரித்தார், பேச்சை மாற்றினார். அவளும் வரவில்லை.

சர்க்கரை ஒன்றும் முட்டாள் இல்லையே. வெள்ளிக்கிழமை காலையில் ஊசிக்காரியைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஒருத்தி வர்றா. நீயே சுத்திக் காட்டு, நீயே பேசு. அவ சேர்ந்துட்டா சாயங்காலம் லெட்டர் உன் கையில."

"சேரலன்னா சார்?"

"சேர்ற மாதிரி பேசும்மா."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊசிக்காரியும் இதே இடத்தில் இருந்த ஒருத்தியிடம் கேட்டவள்தான். "சார் எப்படிக்கா?" என்றாள். "தங்கமான மனுஷன்" என்றாள் அந்தப் பாவி, மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளை ஊசிக்காரி திட்டாத நாள் இல்லை. இன்றைக்குத்தான் அந்த மகராசி எதற்காகச் சொன்னாள் என்று புரிந்தது.

பத்து மணிக்கு வந்தாள், தடிமனான கண்ணாடி போட்டவள், ஊசிக்காரி வயதுதான் இருக்கும். காத்திருக்கச் சொன்ன இடத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சர்க்கரை அறையிலிருந்து வெளியே வந்ததும் எல்லாத் தலையும் குனிந்ததைப் பார்த்தாள். லாக்கர் மேல் ஒட்டியிருந்த செல்போன் நோட்டீஸைப் படித்தாள். ரிப்போர்ட் அடிக்கும் பெண்ணிடம் "எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டதற்கு சர்க்கரையே முந்திக்கொண்டு "ரெண்டு வருஷம்" என்றதையும் கவனித்தாள். ஊசிக்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, இவளும் போய்விடுவாள், இவளும் போய்விடுவாள் என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரியின் கேள்விகள் கதவு வழியாகக் கேட்டன.

"சார், கடைசியா எப்போ சாம்பிள் மாறிச்சு? அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"நம்ம இடத்துல அதெல்லாம் நடக்காதும்மா. நான் விட மாட்டேன்."

"நீங்க சொன்ன ஒரு விஷயம் சரியில்லன்னு யாராவது சொல்லி, நீங்க மாத்திக்கிட்டது உண்டா சார்?"

சர்க்கரை சிரித்தார். "நாம எல்லாம் ஒரே குடும்பம்மா. குடும்பத்துல அப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பாங்களா?"

ஊசிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை போயே போய்விட்டது என்று நினைத்தாள்.

ஆனால் கண்ணாடிக்காரி போகவில்லை. வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். சர்க்கரை ஊசிக்காரியோடு அனுப்பிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேசுவது அவருக்குக் கேட்காது, ஆள் தெரியும். ஊசிக்காரி நாற்காலியைக் காட்டினாள், சாம்பிள் தாங்கியைக் காட்டினாள், குளிர்பெட்டியைத் திறந்து மூடினாள். காட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகு கண்ணாடிக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, சார் நல்லவரான்னு நான் கேக்கல. அப்படிக் கேட்டா யாரா இருந்தாலும் நல்லவர்னுதான் சொல்லணும். வீட்ல அவசரம்னு கடைசியா உங்களுக்கு ஒரு போன் வந்திருக்குமில்ல. அன்னைக்கு அவர் என்ன செஞ்சார்? அந்த ஒரு நாளை மட்டும் சொல்லுங்க."

இந்த உலகத்தில் எத்தனையோ நாள் இருக்க, இவள் அந்த நாளையா கேட்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் ஊசிக்காரி பதில் தயாராக வைத்திருந்தாள், சம்பளம், ஷிஃப்ட், லீவு, எல்லாவற்றுக்கும். இதற்கு இல்லை. தடுப்புக்குப் பின்னால் சர்க்கரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் அப்பா இடது கையால் தம்ளரைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருப்பார், பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டும், ஊசிக்காரி சாயங்காலம் போய்த்தான் மாற்ற வேண்டும். காலிலாவது விழுந்து இவளைச் சேர்த்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"எங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சு" என்றாள். "சார்தான் எடுத்தார். அடுத்த நிமிஷமே வந்து சொன்னார். வேலையை அப்படியே போட்டுட்டு ஓடும்மான்னார். ஆட்டோகூட அவரே கூப்பிட்டுக் குடுத்தார்."

ஆட்டோவை எதற்குச் சேர்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் வந்த வேகத்தில் அதுவும் கூடவே வந்துவிட்டது.

கண்ணாடிக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "சரிக்கா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அரைமணி நேரத்தில் கண்ணாடிக்காரி வேலையில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சர்க்கரை சொன்ன சொல் தவறவில்லை, அன்றைக்காவது. சாயங்காலம் ஐந்து மணிக்கு லெட்டர் கைக்கு வந்தது. "நம்ம இடத்தை மறந்துடாதம்மா" என்றார். ஊசிக்காரி நன்றி சொன்னாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

கீழே பஸ் நிறுத்தத்தில் கண்ணாடிக்காரி நின்றிருந்தாள். சான்றிதழ் நகல் எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து கொடுத்துவிட்டு, இப்போதுதான் இறங்கியிருக்கிறாள். ஊசிக்காரி வேறு பக்கம் பார்த்துப் போய்விடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை.

"லெட்டர் கிடைச்சுதாக்கா?"

"லெட்டரா? உங்களுக்கு எப்படி..."

"ரிப்போர்ட் அடிக்கற பொண்ணு கை கழுவற இடத்துல சொல்லுச்சு. நான் சேர்ந்தாத்தான் உங்களை விடுவாங்கன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்க சொன்னது பொய்னு அது சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். அவர் உடனே அனுப்பினார்னு சொன்னீங்க, ஆட்டோ புடிச்சார்னு சொன்னீங்க. போனீங்களே, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்ல. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவங்க அதத்தான் முதல்ல சொல்லுவாங்க."

ஊசிக்காரி லெட்டர் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"மூணு மணி நேரம் கழிச்சுத்தான் சொன்னார்" என்றாள் ஊசிக்காரி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "வலது பக்கம் போயிடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சும் ஏன் சேர்ந்தீங்க? மேல போய் வேணாம்னு சொல்லிடுங்க, நான் லெட்டரைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள். உண்மையாகவே கொடுத்திருப்பாளா என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷம் கொடுத்திருப்பாள்.

"நாலு மாசமா இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஏழு இடத்தை விட்டேன்கா. கேள்வி கேக்க எனக்கு நல்லா வரும். வீட்ல ரெண்டு குழந்தைங்க, இனிமே விடறதுக்கு என்கிட்ட இடமில்ல. இன்னைக்குப் படியேறினப்பவே முடிவு பண்ணிட்டுத்தான் ஏறினேன், என்ன ஆனாலும் சேர்றதுன்னு."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட அந்தக் கேள்வி?"

"எனக்கும் வீட்லேருந்து போன் வருமில்ல. சின்னவனுக்கு வலிப்பு இருக்கு. அந்த மாதிரி நாள்ல இவர் என்ன செய்வார்னு தெரிஞ்சா வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம்னுதான் கேட்டேன். நீங்க உண்மையைச் சொல்லியிருந்தாலும் சேர்ந்துதான் இருப்பேன்கா."

பஸ் வந்தது. கண்ணாடிக்காரி ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். ஊசிக்காரிக்கும் அதே பஸ்தான், ஆனால் அவள் ஏறவில்லை.