அடுக்குக்கு நடுவில் இருந்த வெற்றிடம்

விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியின் குடோனைப் பார்த்துக்கொள்பவர் பொன்மணி. இந்த வருட இருப்பெடுப்பில் கம்பி மத்தாப்புப் பெட்டிகளை வெளியே இறக்கி எண்ணியபோது, பதிவேட்டைவிடப் பதினான்கு குறைந்தன. லோடு ஏற்றும் முனியராஜ்மேல் பழி விழுந்தது.

"அவன இன்னைக்கே நிப்பாட்டிருவோம்" என்றார் முதலாளி மணிகண்டராஜ்.

"நாளைக்கு வரைக்கும் பொறுங்க மொதலாளி" என்ற பொன்மணி, திரும்பக் கட்டியிருந்த அடுக்கைப் பிரித்து மறுபடி ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார். அகலம் ஆறு, ஆழம் ஐந்து, உயரம் ஆறு என்று வெளியிலிருந்து பார்த்தால் நூற்றெண்பது. ஆனால் நடுவில் பன்னிரண்டு பெட்டிக்கு இடம் காலியாக இருந்தது.

"மழைக் காலத்துல காத்து போக அப்படித்தானக்கா விடுவோம். வருசா வருசம் உள்ளதுதானே" என்றான் முனியராஜ்.

"அதச் சொல்லக்கூடாதாலே?"

"யாரு கேட்டீக?"

பொன்மணி பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். போன வருடம் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துப் பெருக்கிக் கணக்கு எழுதியது அவர்தான். அதன் பிறகு சரக்கு வந்த, போன சீட்டுகளைச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன.

அறிக்கையில் எழுதினார்: "பன்னிரண்டு பெட்டிகள், சென்ற ஆண்டு நான் எண்ணியதில் ஏற்பட்ட பிழையாக இருக்கலாம். இரண்டுக்குக் காரணம் தெரியவில்லை. பதினான்கையும் இருப்பிலிருந்து குறைக்க ஒப்புதல் தேவை. இனி அடுக்கைப் பிரித்தே எண்ண வேண்டும்."

"அந்த ரெண்டையும் நமத்துப் போச்சுன்னு போட்டுருங்க" என்றார் முதலாளி.

"நமத்தத நான் பாக்கலையே, மொதலாளி."

தன் பிழையைத் தன் கையாலேயே எழுதியவரிடம் வேறென்ன பேசுவது? முதலாளி அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை முனியராஜ் வழக்கம்போல் கம்பெனி வேனில் வந்து இறங்கினான்.