வேட்டியைக் கட்டிவிட்டது யார்?

திண்டுக்கல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆதரவற்ற ஊனமுற்றோருக்கு மாதாமாதம் உதவித்தொகை என்று சர்க்கார் அறிவித்திருந்த புதிது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, வலது பக்கம் விழுந்துபோன ஒருவருக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். ‘இவருக்குப் பக்கவாதம்’ என்று ஒரே வரி. தாலுகா ஆபீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. நோய் தெரிகிறதாம், உழைத்துப் பிழைக்க முடியுமா என்பது தெரியவில்லையாம்.

“பக்கவாதம்னா என்னன்னு கூடவா தெரியாது?” என்று நான் குதித்தேன். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா குதிக்கவில்லை. “ஆள வரச்சொல்லுங்க” என்றார்.

அந்தப் பெரியவர் வந்த கோலத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி! சொந்தபந்தம் கிடையாது. கஞ்சி ஊற்றிக் காப்பாற்றும் பக்கத்து வீட்டு இடியாப்பக்கார அம்மாதான் கூட்டி வந்திருந்தார்.

“நடப்பீங்களா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“நடப்பேன் தாயி.”

“சாப்பாடு?”

“ஒரு கொறையுமில்ல.”

உதவி கேட்டு வந்தவர் பேசுகிற பேச்சா இது!

டாக்டரம்மா அந்த அம்மாவிடம் திரும்பினார். “இந்த வேட்டிய யாரு கட்டிவிட்டது?”

“எங்க வீட்டுக்காரருதாம்மா. தெனமும் தொழுதுட்டு வந்து கட்டிவிடுவாரு. சோத்த நான்தான் பெசஞ்சு ஊட்டுறேன்.”

பெரியவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா அவரை வாசல் வேப்பமரம் வரை நடக்கச் சொல்லி, கடிகாரத்தோடு கூடவே போனார். பெரியவர் வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தார். பித்தான் போட முடியவில்லை, செம்பைத் தூக்கினால் நழுவியது. டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுத, கடிதம் ஒரு முழுப் பக்கம் வந்தது. நான் அடித்து, அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பெரியவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“எல்லாம் நெசந்தான். ஆனா வெத்தல மடிப்பேன். அத விட்டுப்புட்டீகளே.”

“இருக்கிறதயும் கெடுத்துக்காதீங்க!” என்று எரிந்து விழுந்தேன்.

“மடிச்சுக் காட்டுங்க” என்றார் டாக்டரம்மா.

தொடையில் வெற்றிலையை வைத்து, இடது கையால் சுண்ணாம்பு தடவி, இரண்டு தடவை கீழே போட்டு, மடித்தே விட்டார். ‘உட்கார்ந்தபடி, இடது கையால், வெகுநேரம் எடுத்து ஒரு வெற்றிலை மடிப்பார்’ என்று ஒரு வரி சேர்ந்தது. முணுமுணுத்துக்கொண்டே முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன்.

விசாரணைக்குப் போன ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பிறகு என்னிடம் சொன்னார்: “அந்த வெத்தல வரியப் பாத்துத்தான் சார் மத்ததெல்லாம் நம்புனோம். எல்லாரும் முடியாததயேதான் எழுதுறாங்க, முடிஞ்சத யாரு எழுதுறாங்க?” எனக்கு வெட்கமாகப் போயிற்று. டாக்டரம்மா, பெரியவர் இரண்டு பேர் கால் தூசு பெறமாட்டேன் என்று அன்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

முதல் மணியார்டர் வந்த மறுநாள் பெரியவர் அந்த அம்மாவோடு வந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மெல்ல, மெல்ல ஒரு வெற்றிலை மடித்து நீட்டினார். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. வாங்கிப் போட்டுக்கொண்டேன். சுண்ணாம்பில் வாயெல்லாம் வெந்துபோயிற்று, ஒரு வார்த்தை பேசவில்லை.