பயப்பட ஒன்றுமில்லை, உடனே புறப்பட்டு வரவும்

சங்ககிரிப் பக்கம் ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கேட்டுவிட்டுக் கிணற்றில் விழுந்து செத்தாள் என்ற வதந்தி, ஒரு லாரியில் ஏறிச் சேலம் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் வதந்தி இறங்கியபோது அவள் தனியாகப் போகவில்லை, இரண்டு பிள்ளைகளையும் கட்டிக்கொண்டு விழுந்திருந்தாள்.

அந்தக் கடிதத்தை எழுதியவர் கஸ்பார். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கடிதம் எழுதும் குமாஸ்தா அவர்தான். ஞாயிறு பூசையில் வேதாகம நிருபம் வாசிக்கிற குரல் அவருடையது; கடிதத்திலும் அதே தோரணை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு அது. கர்ப்பப்பை வாயில் மரக்குச்சியால் வழித்தெடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மதராஸுக்கு அனுப்பிப் புற்று இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஆஸ்பத்திரிக்குப் புதிது. அந்தச் சங்ககிரிப் பெண் செல்லியம்மாளின் கண்ணாடித் துண்டு "மூன்றாம் வகுப்பு" என்று திரும்பி வந்தது. சந்தேகம் உண்டு, முடிவு இல்லை. சதை கிள்ளிப் பார்த்தால்தான் தெரியும் என்று அர்த்தம். புற்று என்ற சொல் கூடாது என்று டாக்டரான கன்னியாஸ்திரி சிஸ்டர் இன்பமேரி சொல்லியிருந்தார். கஸ்பாரும் எழுதவில்லை. தபால் கார்டில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "பயப்பட ஒன்றுமில்லை. துணைக்கு ஆளோடு உடனே புறப்பட்டு வரவும்." எழுதி முடித்து, தன் பக்குவத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

இப்போது பஸ் ஏறிப் போனார், செத்தாளா இல்லையா என்று பார்க்க.

செல்லியம்மாள் வீட்டில் கட்டிலில் கிடந்தாள். கோடைக் கிணற்றில் முழங்காலளவுதான் தண்ணீர். சாவு வரவில்லை, இடது கால்தான் போயிற்று: தொடையில் முறிந்து, நாட்டு வைத்தியர் சின்னுசாமி போட்ட மூங்கில் தப்பைக் கட்டுக்குள் இருந்தது. பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, நீங்கதான் அந்தக் கார்டு எழுதினவருங்களா?" என்றான் புருஷன் செங்கோடன்.

"நான்தான். பயப்பட ஒன்றுமில்லை என்றுதானே எழுதினேன்?"

"அதுதானுங்க! எங்கப்பன் செத்தப்பவும் அப்படித்தான் எழுதுனாங்க. 'சித்த சொகமில்லை, பயப்பட ஒண்ணுமில்லை, ஒடனே பொறப்பட்டு வா'ன்னு. நான் போறதுக்குள்ள பாடை கட்டியாச்சு. உங்க கார்டைத் தபால்காரர் கோயிலடியில நின்னு படிச்சாரு. கேட்ட சனமெல்லாம் வாயப் பொத்திக்கிச்சு. நோவுன்னு எழுதியிருந்தாக்கூடப் பொழைச்சுக்குவோம்னு இவ நம்பியிருப்பா."

போன மாதம்தான் கஸ்பார் தன் மைத்துனனுக்கு, மாமியார் இறந்த அன்று, அதே இரண்டு வரியைத்தான் எழுதியிருந்தார்.

"செத்தவளுக்குக் கார்டு போட்ட மாதிரி இருந்துச்சு சாமி," என்றாள் செல்லியம்மாள், மோட்டுவளையைப் பார்த்தபடி. "எனக்கு என்னதான்னு சொல்லிப்போடுங்க."

கஸ்பார் சொன்னார்: "வழிச்செடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் மாறுதல் தெரியுது. புற்றா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்படி வந்தவங்க பல பேருக்கு வெறும் புண்ணுதான். ஒரு சிட்டிகை சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். புற்றுன்னாலும் இப்பவே பார்த்தா வைத்தியம் உண்டு. பதறி ஓடிவர வேண்டாம். ஆனா வராமல் இருக்கக் கூடாது."

"வாரேன். தூக்கிட்டுப் போங்க," என்றாள் செல்லியம்மாள்.

அவர் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது சிஸ்டர் பழைய வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். அன்றே புது வாசகம் எழுதினார்கள். கார்டு இல்லை, ஒட்டிய உறை. என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, அடுத்து என்ன செய்வார்கள், எந்தக் கிழமை வர வேண்டும். "பயப்பட" என்ற சொல்லைச் சிஸ்டர் அடித்தார். "நமக்கே தெரியாததை எப்படி வாக்குக் கொடுப்பது?" என்றார். "புற்று" என்ற சொல்லை அவரே எழுதினார், "இருக்கிறதா என்று பார்க்க" என்பதன் முன்னால்.

செல்லியம்மாளை வைக்கோல் பரப்பிய லாரியில் கொண்டுவந்தார்கள். சங்ககிரியிலிருந்து சேலம்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்தினாள். சதை மதராஸ் போயிற்று, முடிவு வந்தது. புற்று இல்லை. அழற்சிதான், மருந்து போட்டு ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

கால் மட்டும் கோணலாகக் கூடியிருந்தது. அவள் இனி நிமிர்ந்து நடக்கப்போவதில்லை என்பதில் எந்த வகுப்புச் சந்தேகமும் இல்லை.

"நல்ல சேதிதானுங்களே?" என்று செங்கோடன் கேட்டான். கஸ்பார், காலுக்குக் கட்டுப்போட்ட சின்னுசாமிக்குச் செங்கோடன் கூலியாகத் தருவதாகச் சொன்ன சேவலையாவது தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

வருஷம் திரும்பிவிட்டது. சங்ககிரி லாரி எது வந்தாலும் டிரைவர் தலையை நீட்டி, "சின்னுசாமி சேவல் கேட்டாருங்க" என்கிறான். கஸ்பார் "அடுத்த வாரம்" என்கிறார்.