வேர்க்கடலைக்குள் நின்ற அம்பு

எழுபதுகளில் திருத்தணி பஜாரில், நிலம் அளப்பவர் ஒருவரிடம் கணக்குப் போட்டு வரைபடம் வரைபவனாக இருந்தேன். அளப்பது அவர் வேலை. பிசிறில்லாமல் காகிதத்தில் முடிப்பது என் வேலை. அங்கே நான் போட்ட ஒரு கையெழுத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு விதவையின் நிலம். கிழக்கே அவள் புருஷனின் அண்ணன் நிலம். அவரை அவள் பாவா என்பாள். வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை, விஸ்தீரணம் எந்தப் பத்திரத்திலும் இல்லை. வழக்கு வந்தபோது, நட்டிருக்கும் நாலு கல்லையும் அப்படியே அளந்து அறிக்கை கொடுப்பது, அதுவே தீர்ப்பு என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அவளுடைய ஒரே கிணறு கிழக்கு எல்லைக்கு உள்ளே, அறுபது லிங்க் தள்ளி இருந்தது. நிலம் அளக்கும் சங்கிலி ஒன்று நூறு லிங்க், அதாவது 66 அடி.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், கோர்ட் அனுப்பிய வக்கீல் கூட வர, அளந்தார்கள். ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் அரக்கோணம் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அளப்பவருக்குப் பறப்பு. மறுநாள் என் மேஜைக்கு வந்த கணக்கு இது. முதல் கல்லிலிருந்து வடக்கே 200 லிங்க். அங்கிருந்து கிழக்கே 300. அங்கிருந்து தெற்கே 425. கடைசிப் பக்கம் சாய்வு, 375: மேற்கே 300, வடக்கே 225. கூட்டிப் பாருங்கள். வடக்கே போனது 425, தெற்கே போனது 425. கிழக்கே 300, மேற்கே 300. ஒரு லிங்க்கூட மிச்சமில்லை. பரப்பு: இருநூறும் நானூற்று இருபத்தைந்தும் சேர்த்துப் பாதி 312½, அதை 300-ஆல் பெருக்கினால் 93,750 சதுர லிங்க். ஆயிரத்துக்கு ஒரு சென்ட், ஆக 93¾ சென்ட்.

அந்தப் பொருத்தமே எனக்கு உறுத்தியது. இழுத்து அளந்த நிலம் இவ்வளவு யோக்கியமாக மூடாது. அளந்தவரையே கேட்டேன்.

"அந்தக் கடைசிப் பக்கம் பூரா வேலிக்காத்தான் முள்ளுய்யா. எவன் போறது? மத்த மூணை வெச்சு நானே போட்டுக்கினேன்."

போடலாம், தப்பில்லை. ஆனால் அறிக்கையில் நாலும் அளந்தது என்றே எழுதியிருந்தார். மூன்றில் ஒன்று தப்பானால் நாலாவது அதற்குப் பொய்ச்சாட்சி சொல்லும்.

அன்று மத்தியானம் அந்த அம்மாள் வந்தாள். கையில் ஒரு இரும்புக் கம்பி, கம்பியின் தலையில் சிவப்புத் துணி. அதற்கு அம்பு என்று பேர். ஒவ்வொரு சங்கிலி முடியும் இடத்திலும் முன்னால் போகிறவன் ஒன்று குத்துவான், பின்னால் வருகிறவன் பிடுங்கிக்கொண்டே வருவான். கடைசியில் அவன் கையில் எத்தனை அம்போ அத்தனை சங்கிலி.

"வேர்க்கடலைக்குள்ள நின்னுகினு இருந்துச்சுங்க. வடக்கு வரப்பு ஓரமா. நாலு வாட்டி சங்கிலி இழுத்தாங்க, நான் பார்த்துகினே இருந்தேன்."

அறிக்கையில் மூன்று. மூலையில் கட்டி வைத்திருந்த அம்புகளை எண்ணினேன். பத்து இருக்க வேண்டியது, ஒன்பதுதான் இருந்தது. அதே 312½-ஐ நானூறால் பெருக்கினேன்: 1,25,000. ஒரு ஏக்கர் இருபத்தைந்து சென்ட்.

அவர் அந்த அம்பை வாங்கினார், துணியைத் தட்டினார், மற்ற அம்புகளோடு கட்டுக்குள் சொருகினார்.

"ஆங், பத்தும் சேர்ந்துச்சு. நீ போம்மா, எல்லாம் சரியா வரும்."

அவள் போனதும் சொன்னேன், "ஒரு பஸ் ஏறிப்போய் ஒரு பக்கம் இழுத்தா போதும் சார்."

"கூட வந்த வக்கீலுக்கு இன்னா பதில் சொல்றது, அம்பை வுட்டுட்டு வந்தோம்னா? கணக்கு மூடிக்கிச்சு இல்ல? கையெழுத்து போடு."

லஞ்சம் வாங்கியிருந்தால்கூட ஒரு மாதிரி புரிந்திருக்கும். இது வெறும் சோம்பலும் கௌரவமும். அந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எனக்கும் வேலை வேண்டும். 'கணக்கு சரிபார்க்கப்பட்டது, பிழையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதில் பொய் கிடையாது, அதுதான் அசிங்கம்.

அறிக்கை தீர்ப்பானது. பாவா அந்த 300-ஐப் பார்த்தார். அடுத்த உழவில் கிழக்குக் கல் இரண்டும் காணாமல் போயின. தீர்ப்பின்படி மேற்குக் கல்லிலிருந்து அளந்து புதுக்கல் நட்டார்கள். புதுக்கல் 300-ல், கிணறு 340-ல்; அது வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவள் அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு வந்தாள். அளப்பவர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. நான் வரைந்த படத்தை மேஜையில் விரித்தாள். கிழக்குக் கோட்டுக்கு உள்ளே, சரியாக அறுபது லிங்க் தள்ளி, என் கையால் போட்ட சின்ன வட்டம்.

"படத்துல கிணறு எனக்குத்தாங்க இருக்குது," என்றாள். "அந்த இடத்துல இப்ப வேர்க்கடலை வாடிக் கிடக்குது. அங்க தோண்டினா தண்ணி வருங்களா?"