ஒரு செட் பூட்ஸ்

ஹந்தானைச் சரிவில் குடிநீர்த் தாங்கிக்கு அடித்தளம் போட்ட நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தக் கொங்கிரீட்டை ஒரே மூச்சில் கொட்டி முடிக்க வேண்டும். நடுவில் நின்றால், முன்பு கொட்டியது இறுகிவிடும்; பிறகு கொட்டுவது அதோடு ஒட்டாது. அந்த இணைப்பில் தண்ணீர் கசியும். கசிந்தால் சூப்பர்வைசரான எனக்கு வேலை போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அதனால் காலையில் தெல்தோட்டைக் கோஷ்டி, மத்தியானம் வத்தேகமக் கோஷ்டி என்று பிரித்தேன். மாறும் நேரத்தில் இரண்டு கோஷ்டியும் கொஞ்ச நேரம் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது என் திட்டம். அதற்காகக் கொங்கிரீட்டுக்குள் இறங்கப் போடும் கம்பூட்ஸ், அந்த நீண்ட ரப்பர் பூட்ஸ், இரண்டு செட் கேட்டேன். ஸ்டோர்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கில் புலி.

"வேலை செய்யிறது ஒரு நேரத்தில ஒரு கோஷ்டிதானே? ஒரு செட் காணும்," என்றார்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

மத்தியானம் வத்தேகமக்காரர்களை இறக்கிய பஸ், தெல்தோட்டைக்காரர்களை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டுமாம். டிரைவர் ஹோர்னை அடித்துக்கொண்டே இருந்தான். அதைக் கேட்டதும் தெல்தோட்டைக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மொத்தமாகக் கரையேறி பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்கள். வந்தவர்களோ செருப்போடு நின்றார்கள். ஈரச் சிமெந்து பட்டால் கால் வெந்துவிடும். அவர்களை எப்படி இறங்கச் சொல்வது? கலவை லொறி வேறு கொட்டிக்கொண்டிருந்தது.

"யாரும் கழட்டாதீங்க! எறங்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பஸ் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொருவராக மாற்றினேன். ஒருவர் ஏறிக் கழற்றுவார். அதே பூட்ஸை மற்றவர் மாட்டி இறங்குவார். பூட்ஸுக்குள் ஒரே வியர்வை. முகம் சுளித்தவர்களுக்குக் காலில் சுற்றிக்கொள்ள ஷொப்பிங் பை கொடுத்தேன். கொங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடிக்க வந்தவனுக்கு எந்த பூட்ஸும் ஏறவில்லை. அவ்வளவு பெரிய பாதம். கையிலிருந்ததை விட முடியாமல் பழைய ஆள் உள்ளேயே நின்று, "சேர், கை மரத்துப் போச்சு சேர்," என்று கெஞ்சினான்.

நேரே ஸ்டோருக்கு ஓடினேன். ஸ்டோர்காரர் தன் காலில் இருந்த பூட்ஸைக் கழற்றித் தரும்வரை நான் அவர் மேசையை விட்டு நகரவில்லை. அது அந்தப் பாதத்துக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. வைப்ரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைமாறியது. வேலை நிற்கவில்லை.

பின்னர் தாங்கியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த தாங்கிக்கு மறுபடி இரண்டு செட் கேட்டுப் போனேன். ஸ்டோர்காரர் மேசைக்கு அடியில் தன் கால்களை இழுத்துக்கொண்டார்.

"போன முறை ஒரு செட்டோட வேலை நிக்காமல் முடிஞ்சதுதானே? பிறகென்ன?" என்றார்.